சதுரங்கக் குதிரையைக் கைபேசியில் படமெடுத்து அச்சடிப்பது

கேள்வி: “என் மரச் சதுரங்கத்தில் ஒரு குதிரை தொலைந்துவிட்டது. மிச்சமிருக்கும் குதிரையைக் கைபேசியில் நாற்பது படம் எடுத்து மென்பொருளில் போட்டேன். வந்த முப்பரிமாண மாடல் பாதி உருகிய மெழுகு போல இருக்கிறது. கழுத்தெல்லாம் மேடு பள்ளம். தாடைக்குக் கீழே ஓட்டை. அடிப்பாகம் மேசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அச்சுக்காக மாடலை அடுக்குகளாகப் பிரிக்கும் ஸ்லைசரில் திறந்தால் பிழைகள் இருப்பதாகச் சொல்கிறது. எந்த மென்பொருளில் சுத்தம் செய்தால் இதை அச்சடிக்க முடியும்?”

நீங்கள் சொல்லியிருக்கும் நான்கு குறைகளில் இரண்டைத்தான் மென்பொருள் தீர்க்கும். அடிப்பாகம் மேசையோடு ஒட்டியிருப்பதும் ஸ்லைசர் காட்டும் பிழைகளும் அரை மணி நேர வேலை. கழுத்தின் மேடு பள்ளமும் தாடையின் ஓட்டையும் அப்படியல்ல. ஓட்டையை மூடலாம், மேட்டைத் தேய்க்கலாம், ஆனால் அந்த இடத்தில் மரம் எப்படிச் செதுக்கப்பட்டிருந்தது என்பது உங்கள் நாற்பது படங்களிலும் இல்லை. படத்தில் இல்லாததை எந்தக் கருவியாலும் மெஷ்ஷில், அதாவது மாடலின் பரப்பாக அமையும் முக்கோண வலையில், கொண்டுவர முடியாது. பலர் இந்த இடத்தில்தான் ஒரு மென்பொருளை விட்டு இன்னொன்றுக்குத் தாவி வாரக்கணக்கில் நேரத்தைத் தொலைக்கிறார்கள். நானும் தொலைத்திருக்கிறேன். மறுபடியும் படமெடுக்க ஒரு மணி நேரம்தான் ஆகும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டு, பிறகு சுத்தம் செய்வதற்கு வருகிறேன்.

கழுத்து ஏன் மேடு பள்ளமாக வந்தது? இந்த மென்பொருள்கள் எல்லாம் செய்வது ஒரே வேலை. ஒரு படத்தில் இருக்கும் சிறு அடையாளத்தை, மரத்தின் ரேகையோ கீறலோ புள்ளியோ, மற்ற படங்களிலும் தேடிப் பிடிக்கின்றன. வெவ்வேறு கோணங்களிலிருந்து அந்த அடையாளத்தை நோக்கிப் போகும் கோடுகள் எங்கே சந்திக்கின்றன என்று கணக்கிட்டு, அந்த இடத்தில் ஒரு புள்ளியை வைக்கின்றன. மெருகேற்றிய மரத்தில் பளிச்சென்று தெரியும் வெளிச்சத் திட்டும் ஓர் அடையாளம் போலவே தோன்றும். ஆனால் அது மரத்தின் மேல் ஒட்டியிருப்பதில்லை. நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். கோடுகள் மரத்தின் பரப்பில் சந்திக்காமல் சற்று உள்ளேயோ வெளியேயோ சந்திக்கும். அவைதான் உங்கள் குழிகளும் கொப்புளங்களும்.

உங்கள் மாடலைப் பார்க்காமல் காரணம் பளபளப்புதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பிடரி மயிர் செதுக்கப்பட்ட பகுதியையும் வழுவழுப்பான கழுத்தையும் மாடலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிடரி தெளிவாகவும் கழுத்து மட்டும் கரடுமுரடாகவும் இருந்தால் பளபளப்புதான் குற்றவாளி. இரண்டுமே மங்கலாக இருந்தால் படங்கள் குவியம் தவறியவை, அல்லது படமெடுக்கும்போது காய் அசைந்திருக்கிறது. நீங்கள் மெழுகு என்று சொல்வதைப் பார்த்தால் இரண்டும் கலந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பளபளப்புக்கு மருந்து முகப்பவுடர். மென்மையான தூரிகையால் காயின் மேல் மெல்லியதாகத் தட்டிவிடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தது போல முழுக்க வெள்ளையாக்கிவிட்டால் பளபளப்பு போகும், கூடவே அடையாளங்களும் போய்விடும். வெறும் வெள்ளைப் பரப்பில் மென்பொருளுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. பவுடர் திட்டுத்திட்டாக, சில இடத்தில் மரம் தெரியும்படி இருப்பதுதான் நல்லது. கழுத்து மிகவும் வழுவழுப்பாக இருந்தால், தண்ணீரில் கரையும் வண்ணப் பென்சிலால் பவுடரின் மேல் ஒழுங்கில்லாமல் புள்ளிகள் வையுங்கள். மெருகு பூசாத மரமாக இருந்தால் பவுடர் ரேகைகளுக்குள் புகுந்து எளிதில் வெளியே வராது. அதனால் முதலில் காயின் அடியில் தடவித் துடைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் தானாகவே ஆவியாகிவிடும் ஸ்பிரேக்களும் இதற்கென்றே கிடைக்கின்றன. ஒரு சதுரங்கக் காய்க்கு அவ்வளவு தேவையில்லை.

வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் பரவி வர வேண்டும். மேகமூட்டமான பகலில் திறந்தவெளி மிகச் சிறந்தது. வீட்டுக்குள் என்றால் நேரடி வெயில் விழாத ஜன்னலோரம். ஃபிளாஷ் கூடவே கூடாது, அது உங்களோடு சேர்ந்து நகரும் விளக்கு.

காயை மேசையின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். ஒரு கையளவு உயரமுள்ள உறுதியான பெட்டியின் மேல் செய்தித்தாளை ஒட்டி, அதன் மேல் வையுங்கள். செய்தித்தாளின் எழுத்துகள் மென்பொருளுக்கு ஆயிரக்கணக்கான அடையாளங்களைத் தருகின்றன. ஒவ்வொரு படமும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் காயைவிடத் தாளை வைத்துத்தான் அது அதிகம் கண்டுபிடிக்கும். இந்த ஏற்பாடு வேலை செய்ய வேண்டுமானால் காய் அசையக்கூடாது, நீங்கள்தான் சுற்ற வேண்டும். நின்ற இடத்திலிருந்தே காயைச் சுழற்றினால் காய் ஒரு கதையும் பின்னாலிருக்கும் சுவர் வேறொரு கதையும் சொல்லும், மென்பொருள் குழம்பிப்போகும். சுழல்மேடை வைத்திருப்பவர்கள் பின்னணியை வெறுமையாக்கிவிட்டுச் சுழற்றுவது இதனால்தான். பெட்டியின் உயரத்துக்கு வேறொரு காரணம் இருக்கிறது. கைபேசியைப் பெட்டியின் விளிம்பு மட்டத்துக்கு இறக்கினால்தான் குதிரையின் தாடைக்கு அடிப்புறம் கண்ணில் படும். உங்கள் ஓட்டை அங்கேதான் பிறந்தது. மேசையில் வைத்து மேலிருந்தே பார்த்திருப்பீர்கள்.

மூன்று சுற்றுகள் எடுங்கள். முதல் சுற்று காயின் மட்டத்தில், இரண்டாவது ஏறக்குறைய 30 டிகிரி மேலிருந்து, மூன்றாவது 60 டிகிரி மேலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் 15 டிகிரிக்கு ஒரு படம் என்றால் 24 படங்கள், மூன்று சுற்றுக்கு 72. நேர் மேலிருந்து நான்கைந்தும், தாடையை நோக்கிக் கீழிருந்து இரண்டு மூன்றும் சேர்த்தால் எண்பதை ஒட்டி வரும். நாற்பதில் முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். சாதாரண உருளை வடிவத்துக்கு நாற்பது போதும். பிடரி, காது, தாடை என்று ஒன்றையொன்று மறைக்கும் உருவத்துக்குப் போதாது.

கைபேசியை எவ்வளவு அருகில் பிடிப்பது என்பதில், பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைக்கு நான் சற்று எதிரானவன். பொருள் படத்தை நிறைக்க வேண்டும் என்பார்கள். ஐந்து சென்டிமீட்டர் காயில் அப்படி நிறைக்க முயன்றால் இரண்டு கோளாறுகள் வரும். ஒன்று, அவ்வளவு அருகில் போனால் மூக்கு தெளிவாக இருக்கும்போது பிடரி மங்கிவிடும். மற்றது, பல கைபேசிகள் ஒரு தூரத்துக்கு மேல் நெருங்கினால் சொல்லாமல் கொள்ளாமல் அகலக்கோண லென்ஸுக்கு மாறிக்கொள்கின்றன. ஒரே தொகுப்பில் பாதிப் படங்கள் ஒரு லென்ஸிலும் மீதி இன்னொன்றிலும் எடுக்கப்பட்டவை என்பது திரையில் பார்த்தால் தெரியாது. ஒருமுறை எனக்கு மாடல் இரண்டாகப் பிளந்து வந்தபோது, படங்களின் விவரங்களைத் திறந்து பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன். அமைப்புகளுக்குள் போய்த் தானியங்கி மேக்ரோவை அணைத்துவிடுங்கள்.

நான் இவ்வளவு சிறிய பொருளுக்கு முதன்மைக் கேமராவைச் சுமார் 25 சென்டிமீட்டரில் பிடிக்கிறேன். அந்தத் தூரத்தில் பெரும்பாலான கைபேசிகளின் படம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் அகலத்தைப் பார்க்கும். 12 மெகாபிக்ஸல் படத்தில் அந்த அகலத்துக்கு 4000 பிக்ஸல்கள். அதாவது ஒரு பிக்ஸலுக்கு 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. உங்கள் அச்சுப்பொறியின் முனை வழக்கமான 0.4 மில்லிமீட்டராக இருந்தால், அதால் வரைய முடிந்ததைவிட நுணுக்கமாகவே படம் இருக்கிறது. இன்னும் நெருங்கிக் கிடைக்கும் நுணுக்கம் அச்சில் தெரியப்போவதில்லை. காய் படத்தின் நடுவில் சிறியதாகத் தெரிகிறதே என்று கவலைப்படாதீர்கள். சுற்றியிருக்கும் செய்தித்தாளும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

திரையில் காய் தெரியும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை வேண்டாம். எடுத்து முடித்ததும் பவுடரைத் துடைப்பதற்கு முன் எல்லாப் படங்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான படம் ஒன்று கூடுதலாக இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல். கணினிக்கு மாற்றும்போது செய்திச் செயலிகள் வழியாக அனுப்பாதீர்கள். அவை படத்தைச் சுருக்கும், லென்ஸ் விவரங்களையும் அழித்துவிடும்.

மாடலை உருவாக்க நான் மெஷ்ரூம் பயன்படுத்துகிறேன். இலவசம், ஆனால் முழு வேலையும் நடக்க என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். அது இல்லையென்றால் படங்களைத் தங்கள் சர்வரில் ஏற்றி மாடலாகத் திருப்பித் தரும் கைபேசிச் செயலிகள் இருக்கின்றன, பாலிகேம், கிரி எஞ்சின் போன்றவை. எதுவானாலும் சரி, மாடலைப் பார்ப்பதற்கு முன் ஓர் எண்ணைப் பாருங்கள். கொடுத்த படங்களில் எத்தனைக்கு அது இடம் கண்டுபிடித்தது? 80 கொடுத்து 77 இடம் பெற்றிருந்தால் நல்லது. 50 என்றால் ஏதோ ஒரு சுற்று முழுக்கக் கழன்றிருக்கிறது. மெஷ்ரூமின் முப்பரிமாணத் திரையில் கேமராக்கள் மூன்று வளையங்களாகத் தெரியும். வளையம் எங்கே அறுந்திருக்கிறதோ அந்தக் கோணத்தில் இன்னும் நெருக்கமாகப் படமெடுங்கள். சுத்தம் செய்யும் வேலையை அதற்கு முன் தொடங்காதீர்கள்.

இனி சுத்தம் செய்யும் வேலை, அதற்கு பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருள். வேறு கருவிகளும் இருக்கின்றன, ஆனால் இந்த வேலை முழுவதையும் ஒரே இடத்தில் முடிக்க இது போதும். உங்கள் காயின் அளவு எனக்குத் தெரியாது. அதனால் நான் செய்த ஒரு குதிரையின் அளவுகளையே சொல்கிறேன். உயரம் 52.4 மில்லிமீட்டர், அடி வட்டத்தின் விட்டம் 31.0, மூக்கு நுனியிலிருந்து பிடரி வரை 24.3. மூன்றும் வெர்னியர் காலிப்பரால் அளந்தவை.

முதலில் அளவு. படங்களிலிருந்து வடிவம் தெரியும், பெரியதா சிறியதா என்பது தெரியாது. ஐந்து சென்டிமீட்டர் குதிரையும் ஐந்து மீட்டர் குதிரையும் படத்தில் ஒன்றுதான். அதனால் மாடல் ஏதோ ஓர் அளவில் வந்து நிற்கும். பிளெண்டரின் அளவுகோல் கருவியால் என் மாடலின் அடி வட்டத்தை அளந்தபோது 1.107 என்று காட்டியது. 31.0 ஐ 1.107 ஆல் வகுத்தால் 28.0. மாடலைத் தேர்ந்தெடுத்து S விசையை அழுத்தி 28 என்று தட்டினேன். பிறகு அந்தக் கணக்கில் பயன்படுத்தாத இன்னோர் அளவைச் சரிபார்த்தேன். மூக்கிலிருந்து பிடரி வரை 24.36 வந்தது. உண்மை அளவோடு வேறுபாடு 0.1 க்கும் குறைவு. இந்த இரண்டாவது அளவு ஒரு மில்லிமீட்டர் தவறியிருந்தால் மாடல் வளைந்திருக்கிறது என்று பொருள், படங்களுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். பிளெண்டர் இந்த எண்களை மீட்டர் என்று காட்டும், பொருட்படுத்தாதீர்கள். மாடலை ஸ்லைசருக்குக் கொண்டுபோகும் எஸ்டிஎல் கோப்பில் அலகு என்ற ஒன்றே கிடையாது. 52.4 என்ற எண்ணை ஸ்லைசர் மில்லிமீட்டராகவே எடுத்துக்கொள்ளும்.

அடி வட்டத்தை அளக்கும்போது தாளை ஒட்டிய இடத்தில் அளக்காதீர்கள், விளிம்பின் நடு உயரத்தில் அளங்கள். காரணம் அடுத்த வேலையில் தெரியும்.

இரண்டாவது, மட்டம். மேசையோடு ஒட்டியிருக்கும் பகுதியைக் கண்டதும் வெட்டிவிடக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். அந்தத் தாள்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சமதளம். முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து, தாள் கிடைக்கோடாகத் தெரியும்வரை மாடலைச் சுழற்றுங்கள். பிறகு காதின் நுனி சரியாக 52.4 உயரத்தில் இருக்கும்படி மாடலை மேலும் கீழும் நகர்த்துங்கள். இப்போது தாள் பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். எனக்கு 0.2 கீழே இருந்தது. காது போன்ற மெல்லிய நுனிகள் இந்த முறையில் எப்போதும் சற்று மழுங்கியே வரும், எனவே அவ்வளவு பிழையை விட்டுவிடலாம். முடிந்ததும் Ctrl+A அழுத்தி All Transforms கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, வெட்டு. பக்கவாட்டில் பெரிதாக்கிப் பார்த்தால், காயின் விளிம்பு நேராக இறங்கிவந்து தாளைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் பாவாடை போல வெளியே விரிவது தெரியும். மென்பொருளால் அந்த மூலையைப் பிரித்தறிய முடியவில்லை, காயையும் தாளையும் சேர்த்துப் பூசிவிட்டது. என் மாடலில் இந்த விரிவு 0.6 மில்லிமீட்டர் உயரம் வரை இருந்தது. பூஜ்யத்தில் வெட்டினால் இந்தப் பாவாடை அச்சில் வந்துவிடும். அதனால் 1.0 உயரத்தில் வெட்டினேன். எடிட் முறையில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, Mesh > Bisect கொடுத்து ஒரு கோடு இழுத்த பின், கீழே வரும் பெட்டியில் Plane Point இன் Z மதிப்பை 1.0 ஆகவும், Plane Normal ஐ 0, 0, 1 ஆகவும் மாற்றி, Clear Inner ஐத் தேர்ந்தால் கீழ்ப்பகுதி போய்விடும். Fill ஐ இப்போது தேர்ந்தெடுக்காதீர்கள்.

காயைச் சுற்றி மிதக்கும் தூசுகளும் தாளின் துணுக்குகளும் இன்னும் மிஞ்சியிருக்கும். தேர்வை நீக்கிவிட்டு, காயின் மேல் சுட்டியை வைத்து L அழுத்தினால் காயோடு தொடர்புள்ளவை மட்டும் தேர்வாகும். Ctrl+I கொடுத்துத் தேர்வைத் தலைகீழாக்கி அழித்துவிடுங்கள். காய்க்குள் ஒளிந்திருக்கும் துணுக்குகளும் இதிலேயே போகும். வெளியிலிருந்து பார்த்துப் பார்த்து அழித்தால் அவை தப்பிவிடும்.

இப்போது காய் அடியில்லாத குப்பி. Alt விசையோடு அடி விளிம்பைச் சொடுக்கினால் வளையம் முழுவதும் தேர்வாகும். E, Z, -2 என்று தட்டி விளிம்பைக் கீழே இரண்டு மில்லிமீட்டர் நீட்டி, F அழுத்தி மூடினேன். வேண்டியது ஒரு மில்லிமீட்டர்தான், இரண்டு நீட்டியது ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் காயின் விளிம்பு தரைவரை நேராக இறங்குவதாக இருந்தால்தான் இந்த வித்தை செல்லும். அடியில் சாய்ந்து குறுகும் காய் என்றால், காயைக் கவிழ்த்து அடியையும் படமெடுத்து இரண்டு மாடல்களை இணைக்க வேண்டும். அது தனிக் கதை.

நான்காவது, ஓட்டைகள். அச்சுக்குத் தகுதியான மெஷ்ஷுக்கு ஒரே விதிதான். ஒவ்வொரு ஓரமும் மிகச் சரியாக இரண்டு முக்கோணங்களுக்குப் பொதுவாக இருக்க வேண்டும். ஒரு முக்கோணம் மட்டும் இருந்தால் அது ஓட்டையின் விளிம்பு. மூன்று இருந்தால் உள்ளே ஒரு வேண்டாத சுவர் முளைத்திருக்கிறது. உங்கள் ஸ்லைசர் பிழை என்று சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான். ஓரங்களைத் தேர்ந்தெடுக்கும் முறைக்குப் போய், Select > All by Trait > Non Manifold கொடுத்தால் விதியை மீறும் ஓரங்கள் எல்லாம் ஒளிரும். அப்படியே Mesh > Clean Up > Fill Holes கொடுத்து, Sides மதிப்பைப் பூஜ்யமாக்கினால் எல்லா அளவு ஓட்டைகளையும் அடைக்கும். மறுபடியும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு ஓரங்கள் பிடிவாதமாக ஒளிர்ந்தால் அவற்றின் புள்ளிகளை அழித்து, உருவாகும் சிறு ஓட்டையைத் திரும்ப அடையுங்கள். முடிவில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Shift+N கொடுத்தால் முக்கோணங்கள் அனைத்தும் வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பும்.

ஓட்டை அடைப்பது தட்டையான ஒட்டு, அவ்வளவுதான். புதிய படங்களில் தாடைக்குக் கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஓட்டை மிஞ்சினால் ஒட்டு கண்ணுக்கே தெரியாது. உங்கள் பழைய மாடலில் இதைச் செய்தால், தாடையையும் நெஞ்சையும் இணைத்து ஒரு பலகை அடித்தது போல இருக்கும்.

ஐந்தாவது, மெஷ்ஷை மறுபடியும் பின்னுவது. எடிட் முறையிலிருந்து வெளியே வந்து, மாடலின் தரவுப் பகுதியில் Remesh என்ற இடத்தில் Voxel Size 0.2 என்று கொடுத்து இயக்கினேன். இது காயின் கனத்தை 0.2 மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, மேற்பரப்பைப் புதிதாகப் பின்னும். ஒன்றையொன்று ஊடுருவும் முக்கோணங்கள், ஊசி போன்ற கூர்முக்கோணங்கள் எல்லாம் இதில் மறைந்துவிடும். அப்படியானால் ஓட்டைகளை ஏன் மெனக்கெட்டு அடைக்க வேண்டும் என்று கேட்கலாம். பெரிய ஓட்டை திறந்திருந்தால் எது உள்ளே எது வெளியே என்று இதற்குத் தெரியாது. கெட்டியான காய்க்குப் பதில் முட்டை ஓடு போல இரட்டைச் சுவர் கொண்ட கூடு வரும். இன்னொரு எச்சரிக்கை, நான் பட்டது. அளவைச் சரிசெய்ய மறந்து, மொத்த உயரமே 1.87 ஆக இருந்த மாடலில் 0.2 கொடுத்தேன். குதிரை பத்துச் செங்கல் அடுக்காக மாறி நின்றது.

கோப்பின் எடையும் இங்கேயே குறைந்துவிடுகிறது. இருமவடிவ எஸ்டிஎல் கோப்பில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். பத்து லட்சம் முக்கோணங்கள் என்றால் 50 மெகாபைட். மறுபின்னலுக்குப் பிறகு என் காயில் இரண்டரை லட்சம் முக்கோணங்கள், 12 மெகாபைட்டுக்குச் சற்று மேல். 0.4 முனைக்கு இதைவிட நுணுக்கம் வீண்.

கழுத்தில் லேசான சொரசொரப்பு மிஞ்சியிருந்தால் செதுக்கும் முறையில் Smooth தூரிகையால் அந்த இடத்தை மட்டும் தடவுங்கள். மாடல் முழுவதையும் ஒரே சொடுக்கில் வழவழப்பாக்கும் வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், தொடாதீர்கள். கழுத்து சரியாகும் முன் பிடரி மயிர் கரைந்துபோயிருக்கும்.

கடைசி வெட்டு இப்போதுதான். மறுபின்னல் எல்லாக் கூர்மூலைகளையும் சற்று உருட்டிவிடும், நாம் நீட்டி மூடிய அடியின் ஓரத்தையும் சேர்த்து. ஒரு மில்லிமீட்டர் அதிகமாக நீட்டியது அதற்காகத்தான். மறுபடியும் Bisect, இந்த முறை Z பூஜ்யத்தில், Clear Inner ஓடு Fill ஐயும் தேர்ந்தெடுத்து. உருண்ட ஓரம் வெட்டுப்பட்டுப் போய், தட்டையான, கூரான அடி கிடைக்கும். உயரம் 52.4. Non Manifold ஐ மீண்டும் ஒருமுறை தேர்ந்தெடுத்துப் பாருங்கள், எதுவும் ஒளிரக்கூடாது.

ஸ்லைசரில் பிழை எதுவும் காட்டவில்லை என்பதோடு திருப்தி அடையாதீர்கள். பல ஸ்லைசர்கள் சத்தமில்லாமல் தாங்களே பழுதுபார்த்துக்கொள்ளும், அது சரியாகச் செய்ததா என்பது வேறு விஷயம். அடுக்குகளின் முன்னோட்டத்தைத் திறந்து, பக்கத்திலிருக்கும் நகர்த்தியை அடியிலிருந்து காதுவரை மெதுவாக இழுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் வெளியே சுவர், உள்ளே உள்நிரப்பு, அவ்வளவுதான் இருக்க வேண்டும். நடுவில் தனியாக ஒரு சுவர் வளையம் தெரிந்தால் உள்ளே ஏதோ துணுக்கு தப்பியிருக்கிறது. ஓர் அடுக்கு முழுவதும் காணாமல் போனால் அங்கே ஓட்டை. காதுகள் இருக்கும் மேல் அடுக்குகளில் சற்று நில்லுங்கள். 0.4 முனையால் ஒரு சுவரைக்கூட வைக்க முடியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தால், ஸ்லைசர் அதை விட்டுவிடும். முன்னோட்டத்தில் காது குட்டையாக இருந்தால் அச்சிலும் குட்டைதான். Inflate தூரிகையால் காதைச் சற்றுத் தடிப்பாக்கிவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.

முழுக் காயையும் அச்சுக்கு அனுப்பும் முன் நான் செய்வது ஒன்று உண்டு. ஸ்லைசரிலேயே காயை 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டி, அடித்தட்டை மட்டும் அச்சடிப்பேன். சில நிமிட வேலை. அதைக் காலிப்பரில் பிடித்தபோது விட்டம் 31.3 காட்டியது. அளவைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டேனோ என்று ஒரு கணம் தோன்றியது. தட்டின் மேல் விளிம்பில் பிடித்து அளந்தால் 31.0. முதல் அடுக்கு படுக்கையில் நசுங்கிப் பிதுங்கியிருந்தது. அதற்குக் காரணம் மெஷ் அல்ல, அச்சுப்பொறி. ஸ்லைசரில் முதல் அடுக்கின் பிதுக்கத்தைக் குறைக்கும் அமைப்பை 0.15 ஆக்கிவிட்டு, பழைய காயை அந்தத் தட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். விளிம்போடு விளிம்பு பொருந்தியது. அதன் பிறகுதான் முழுக் குதிரைக்குப் பொத்தானை அழுத்தினேன்.